மாத முற்பணத்துக்குள் மணித்தியாலக் கணக்கு: மிஞ்சினால் என்ன, மேலே போனால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் 20 மணித்தியாலம், 90,000 ரூபாய் முற்பணம் என்று பேசி முடித்துவிட்டோம். இதற்கு மேல் எழுதி வைக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அந்த இரண்டு இலக்கங்களும் ஒரு மணித்தியாலம் 4,500 ரூபாய் என்பதை மட்டும்தான் சொல்கின்றன. மாதம் சரியாக 20இல் முடிந்தால் அது போதும். அப்படி முடிகிற மாதம் அபூர்வம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதி. முன்பதிவு மென்பொருள், பில் அச்சுப்பொறி, இணைய இணைப்பு, கணக்காளருக்குப் போகும் மாத அறிக்கை ஆகியவற்றைப் பார்க்க ஒரு கணினி ஆலோசகரை மாத முற்பணத்தில் வைத்திருக்கிறது. ஜூனில் வேலை குறைவு. ஓகஸ்டில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து இறங்கும்போது எல்லாம் ஒரேயடியாக வரும்.

இப்படிப்பட்ட இடத்தில் எழுத்தில் இருக்கவேண்டியவை: மாதம் எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிகிறது, மிஞ்சிய மணித்தியாலத்தில் அதிகபட்சம் எவ்வளவு அடுத்த மாதத்துக்குப் போகும், அப்படிப் போனது எப்போது காலாவதியாகும், பழைய மிச்சமா புதிய மணித்தியாலமா முதலில் கழியும், மேலதிக மணித்தியாலத்துக்கு என்ன விலை, யார் சம்மதம் சொல்லவேண்டும். அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குவது ஒன்றும் இல்லாததைவிட நல்லது. ஆனால் விடுதி முகாமையாளர் மாறிய அடுத்த கிழமையே அந்தச் "சரி" யாருடையது என்ற கேள்வி வரும்.

நமது உதாரணத்துக்கு: நாட்காட்டி மாதம், அதிகபட்சம் 5 மணித்தியாலம் அடுத்த மாதத்துக்குப் போகும், அந்த அடுத்த மாத முடிவில் அது காலாவதி, பழைய மிச்சமே முதலில் கழியும், மேலதிகம் மணித்தியாலத்துக்கு 5,400 ரூபாய்.

வாங்கிய மணித்தியாலம் மிஞ்சினால் அது எங்களுடையதுதானே? ஏன் காலாவதியாக வேண்டும்?

விடுதி கட்டிய காசு இரண்டு விடயங்களுக்குப் போகிறது: செய்த வேலைக்கும், அந்த மாதம் ஆலோசகர் தன் நாட்களில் இடம் ஒதுக்கி வைத்ததற்கும். ஜூனில் அவர் 20 மணித்தியாலத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். கேட்காமல் போன நேரத்தை அவர் ஓகஸ்டில் திரும்ப உருவாக்க முடியாது. எல்லையே இல்லாமல் சேர விட்டால் ஆறு மாதத்தில் 40 மணித்தியாலம் சேரும். அதை விடுதி ஒரே கிழமையில் கேட்கும். அவரால் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாத கடனைக் கணக்கில் வைத்திருப்பது இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து.

மறுபக்கம், ஒரு நிமிடமும் அடுத்த மாதத்துக்குப் போகாது என்று வைத்தாலும் சிக்கல்தான். வாடிக்கையாளர் 26ஆம் திகதிக்குப் பிறகு "மிச்சம் 6 மணித்தியாலம் கிடக்குது, ஏதாவது செய்யுங்கோ" என்று தேவையில்லாத வேலையைத் தேடிப் பிடிப்பார். அந்த வேலையிலிருந்து பிழைகள் வேறு முளைக்கும்.

நடைமுறையில் ஒத்துவருவது இடைவழி: மாத அளவின் கால்வாசி வரை அடுத்த மாதத்துக்குப் போகலாம், ஒரே ஒரு மாதம் உயிரோடு இருக்கும். 20க்கு 5. இதில் கட்டாயம் எழுதவேண்டிய ஒரு வரி: ஏற்கெனவே கொண்டுவந்த மிச்சம் மறுபடியும் கொண்டு போகப்படாது. இந்த வரி இல்லாவிட்டால் ஜூன் மாத மணித்தியாலம் ஒவ்வொரு மாதமும் வேடம் மாற்றிக்கொண்டு டிசம்பர் வரை வரும்.

போன மாத மிச்சமும் இந்த மாத மணித்தியாலமும் இருந்தால் எது முதலில் கழியும்? அதில் என்ன பெரிய வித்தியாசம்?

காசில் பார்த்தால் பெரிய வித்தியாசம். விடுதி ஜூனில் 13, ஜூலையில் 17, ஓகஸ்டில் 29.5 மணித்தியாலம் பயன்படுத்தியது என்று வைப்போம்.

பழைய மிச்சம் முதலில் கழிந்தால்: ஜூனில் 7 மிஞ்சும், 5 ஜூலைக்குப் போகும், 2 காலாவதி. ஜூலையில் செய்த 17இல் முதல் 5 ஜூன் மிச்சத்திலிருந்து கழியும், மீதி 12 ஜூலையின் 20இலிருந்து. எனவே ஜூலையில் 8 மிஞ்சும். 5 ஓகஸ்டுக்கு, 3 காலாவதி. ஓகஸ்டில் கையில் 25. பயன்படுத்தியது 29.5. மேலதிகம் 4.5 மணித்தியாலம், 24,300 ரூபாய்.

இந்த மாதத்தது முதலில் கழிந்தால்: ஜூலையின் 17 முழுவதும் ஜூலையின் 20இலிருந்து போகும். ஜூன் மிச்சம் 5 தொடப்படாமலே ஜூலை 31இல் காலாவதி. ஓகஸ்டுக்குப் போவது ஜூலையின் 3 மட்டும். கையில் 23, மேலதிகம் 6.5 மணித்தியாலம், 35,100 ரூபாய்.

மூன்றாவதாக ஒரு வாசிப்பும் உண்டு. விடுதிக் கணக்காளர் எல்லையையும் காலாவதியையும் பார்க்காமல் மூன்று மாதத்தையும் கூட்டுவார்: வாங்கியது 60, பயன்படுத்தியது 59.5, அப்படியானால் அரை மணித்தியாலம் இன்னும் மிச்சம், மேலதிகம் என்று ஒன்றுமே இல்லை!

வேலைப் பதிவில் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. அப்படியிருந்தும் மேலதிகத்துக்கான கட்டணப் பட்டியல் பூச்சியம், 24,300, 35,100 என்று மூன்று விதமாக வரும். சண்டை வரும்போது இரு பக்கமும் வேலைப் பதிவைத்தான் கிளறுவார்கள். பிழை அங்கே இருக்காது, எழுதாமல் விட்ட வரிசையில் இருக்கும்.

பழையது முதலில் என்ற முறையையே எடுக்கச் சொல்வோம். சீக்கிரம் காலாவதியாவதை முதலில் எடுப்பது யாருக்கும் விளங்கும், வாடிக்கையாளருக்கும் நியாயமாகப் படும். மற்ற முறையில் "அடுத்த மாதத்துக்குப் போகும்" என்ற வாக்குறுதி, 20ஐத் தாண்டுகிற மாதத்தில் மட்டும்தான் உதவும். அதை வாடிக்கையாளர் கண்டுபிடிக்கிற நாளில் நம்பிக்கை போய்விடும்.

இதை எக்செலில் எப்படிப் போடுவது?

இரண்டு தாள் போதும். ஒன்று வேலைப் பதிவு, பெயர் Log. மற்றது மாதக் கணக்கு, பெயர் Months. கூகிள் ஷீட்சிலும் இதே சூத்திரங்கள் வேலை செய்யும்.

Log தாளில் A திகதி, B தொடங்கிய நேரம், C முடித்த நேரம், D நிமிடம், E செய்த வேலை, F கணக்கில் வரும் மணித்தியாலம். இரண்டாம் வரியில்:

```
D2: =ROUND(MOD(C2-B2,1)*1440,0)
F2: =CEILING(D2,15)/60
```

எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருப்பதால் 1440ஆல் பெருக்கினால் நிமிடம் வரும். இரவு 11:30க்குத் தொடங்கி 12:20க்கு முடிந்த வேலையில் வெறுமனே கழித்தால் எதிர்க் கணியம் வரும். `MOD` அதைச் சரிசெய்யும். `ROUND` தேவையில்லாதது போலத் தெரியும், எடுத்துவிடாதீர்கள். பின்னக் கணக்கில் 15 நிமிடம் சில வேளை 15.0000001 என்று வந்து நிற்கும். `CEILING` அதை 30 ஆக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கால் மணித்தியாலங்கள் மாதக் கடைசியில் ஒன்றிரண்டு மணித்தியாலமாகச் சேரும், எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் பிடிபடாது.

Months தாளில் A மாதத்தின் முதல் நாள், B மாத அளவு, C கொண்டுவந்த மிச்சம், D பயன்படுத்தியது, E மிச்சத்திலிருந்து கழிந்தது, F இந்த மாதத்திலிருந்து கழிந்தது, G மேலதிகம், H அடுத்த மாதத்துக்குப் போவது, I காலாவதி.

```
D2: =SUMIFS(Log!F:F,Log!A:A,">="&A2,Log!A:A,"<"&EDATE(A2,1))
E2: =MIN(C2,D2)
F2: =MIN(B2,D2-E2)
G2: =D2-E2-F2
H2: =MIN(B2-F2,5)
I2: =(B2-F2-H2)+(C2-E2)
C3: =H2
```

முதல் மாதத்தின் C2இல் பூச்சியம் போடுங்கள். மற்றவற்றைக் கீழே இழுத்தால் சரி. ஒவ்வொரு மாதமும் ஒரு சரிபார்ப்பு: B, C இரண்டையும் கூட்டி அதோடு மேலதிகத்தையும் சேர்த்தால், அது பயன்படுத்தியது, அடுத்த மாதத்துக்குப் போவது, காலாவதி மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கவேண்டும். ஜூலையில் இடப்பக்கம் 20 + 5 + 0 = 25, வலப்பக்கம் 17 + 5 + 3 = 25. சமமாக வராவிட்டால் யாரோ ஒரு சூத்திரத்தின் மேல் இலக்கத்தைத் தட்டியிருக்கிறார்கள். அது G அல்லது I நிரலாகத்தான் இருக்கும். C நிரலில் தட்டியதை இந்தச் சரிபார்ப்புப் பிடிக்காது, அது முந்தைய மாத H நிரலுக்குச் சமமா என்று தனியாகப் பாருங்கள்.

கையால் எழுதுகிறவர்கள் வழக்கமாக விடும் பிழை: ஒன்றரை மணித்தியாலத்தை 1.30 என்று எழுதிவிட்டு அப்படியே கூட்டுவது. 1.30ஐ ஐந்து தடவை கூட்டினால் 6.50 வரும், உண்மை ஏழரை. தசமத்தில் எழுதினால் 1.5, நேரமாக எழுதினால் 1:30, இரண்டையும் ஒரே நிரலில் கலக்கவே கூடாது. நேர வடிவிலேயே கூட்ட விரும்பினால் விடைக் கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றவேண்டும். சாதாரண `h:mm` 24ஐத் தாண்டியதும் பூச்சியத்திலிருந்து தொடங்கும், 29 மணித்தியாலம் 30 நிமிடம் 5:30 என்று தெரியும்.

மூன்று நிமிடத் தொலைபேசி அழைப்புக்கும் 15 நிமிடம் கழிக்கலாமா?

ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியாகக் கால் மணித்தியாலமாக ஏற்றினால், ஒரு நாளில் வந்த நாலு மூன்று நிமிட அழைப்பு ஒரு மணித்தியாலமாகிவிடும். உண்மையில் போனது 12 நிமிடம். வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியிலும் அழைப்பு நேரம் பதிவாகியிருக்கும். அவர் ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

சின்ன அழைப்புகளை அன்றைய நாளுக்கு ஒரே வரியாகச் சேர்த்து, மொத்தத்தை ஒரு தடவை மட்டும் மேல்நோக்கி ஏற்றுங்கள். Log தாளில் B, C இரண்டையும் வெறுமையாக விட்டு D கட்டத்தில் 12 என்று நேரடியாக எழுதினால் F தானாக 0.25 காட்டும். E கட்டத்தில் "4 அழைப்பு: அச்சுப்பொறி, கடவுச்சொல்" என்று இருந்தால் போதும்.

வேலை விபரத்தை எழுதும்போது "மென்பொருள் வேலை, 2 மணித்தியாலம்" என்று எழுதாதீர்கள். "7ஆம் அறை இரட்டை முன்பதிவு, காரணம் கண்டுபிடித்துத் திருத்தியது" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்தும் யாரும் மறுக்கமாட்டார்கள். கிழமைக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுகிற பதிவை ஒரு பார்வையிலேயே பிடிக்கலாம்: எல்லாம் 1, 2, 3 என்று முழு இலக்கமாக இருக்கும்.

ஆலோசகர் தானே விட்ட பிழையைத் திருத்திய நேரமும் எங்கள் கணக்கில்தானா?

இல்லை. ஆனால் பதிவிலிருந்து அழிக்கவும் கூடாது. நிமிடத்தை D கட்டத்தில் உள்ளபடி எழுதி, F கட்டத்தில் சூத்திரத்தை நீக்கிப் பூச்சியம் போட்டு, E கட்டத்தில் காரணம் எழுதவேண்டும். வாடிக்கையாளர் அறிக்கையில் அந்தப் பூச்சியத்தைப் பார்ப்பது நல்லது. மென்பொருள் விற்ற நிறுவனத்தின் பிழை வேறு. அதைத் தேடித் திருத்தின நேரம் கணக்கில் வரும்.

பயண நேரத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். நகருக்குள் போய்வருவதை விட்டுவிடுவதும், கிளிநொச்சி, வவுனியா என்று போனால் பாதி நேரத்தைக் கணக்கில் எடுப்பதும் பலருக்கு ஒத்துவருகிற ஏற்பாடு.

மேலதிகமாகப் போன மணித்தியாலத்துக்குப் பட்டியல் அனுப்பினால் "எங்களுக்குச் சொல்லவில்லையே" என்கிறார்கள். என்ன செய்வது?

பட்டியல் போகும் நாளில் முதல் தடவையாகத் தெரிய வந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லவேண்டிய நேரம், கையிலுள்ள மணித்தியாலத்தில் முக்கால்வாசி முடியும்போது. இங்கே முக்கால்வாசி என்பது 20இல் அல்ல, கொண்டுவந்த மிச்சத்தோடு சேர்த்து. ஓகஸ்டில் 25இல் 18.75.

முடிந்த அளவை மட்டும் சொன்னால் போதாது, எப்போது முடிந்துபோகும் என்றும் சொல்லவேண்டும். 13ஆம் திகதியே 18.75 ஆகிவிட்டதென்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.44 மணித்தியாலம் போகிறது. அதே வேகத்தில் 25 முடிவது 17, 18ஆம் திகதி வாக்கில். செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் ஐயா. ஓகஸ்ட் மாதத்துக்கு உள்ள 25 மணித்தியாலத்தில் நேற்றுவரை 18.75 முடிந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் 18ஆம் திகதியளவில் முழுவதும் முடியும். அதற்குப் பிறகு மணித்தியாலத்துக்கு 5,400 ரூபாய். மேலதிகமாக 5 மணித்தியாலம் வரை செய்யலாமா, அல்லது அறைப் படங்களை மாற்றும் வேலையை செப்டெம்பருக்குத் தள்ளுவோமா?"

கடைசி வரிதான் வேலை செய்கிறது. தள்ளக்கூடிய வேலை எது என்று காட்டி, தெரிவை அவரிடம் விட்டால் ஒரு பதில் வரும். "மேலதிகம் ஆகும்போல இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதிலே வராது. பதில் இல்லாததைச் சம்மதமாக எடுத்து வேலை செய்வதும், பிறகு பட்டியலில் தகராறுப்படுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

சம்மதத்தை எப்போதும் ஓர் எல்லையோடு வாங்குங்கள். 5 மணித்தியாலம் என்றால் ஐந்தாவது முடியும்போது மறுபடி கேட்கவேண்டும். திருவிழாக் காலத்தில் இரவு 10 மணிக்கு முன்பதிவு முடங்கினால் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அதற்காக "அவசரத்துக்கு அனுமதி கேட்காமல் 2 மணித்தியாலம் வரை" என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். எது அவசரம் என்பதையும் எழுதவேண்டும்: விருந்தினரைப் பதிய முடியவில்லை, பில் போட முடியவில்லை. இணையத்தளத்தில் ஒரு படம் சரிந்து தெரிவது அவசரம் இல்லை.

மேலதிகத்தை அடுத்த மாத 20இல் கழித்துவிடுவோம் என்கிறார் வாடிக்கையாளர். ஒப்புக்கொள்ளலாமா?

ஒரு தடவை, சின்ன அளவுக்கு, பரவாயில்லை. வழக்கமாக்காதீர்கள். ஓகஸ்டின் 4.5ஐ செப்டெம்பரில் கழித்தால் செப்டெம்பர் 15.5ஓடு தொடங்கும். வழக்கமான வேலைக்கே 18 தேவை. மறுபடி 2.5 குறையும், அது ஒக்டோபருக்குப் போகும். ஒவ்வொரு மாதமும் கடனோடு தொடங்கும், மேலதிக விலை என்ற ஒன்று ஒப்பந்தத்தில் இருந்தும் ஒருபோதும் நடைமுறைக்கு வராது. எங்கள் சூத்திரங்களிலும் இதற்கு இடமில்லை. H நிரல் பூச்சியத்துக்குக் கீழே போகாது, அதனால் கடன் அடுத்த மாத C நிரலுக்குப் போய்ச் சேராது.

மேலதிக விலை மாத விலையைவிட ஏன் கூட என்று கேட்டால்: முன்கூட்டியே ஒதுக்காத நேரம், வேறொருவருடைய வேலையைத் தள்ளிவைத்துத்தான் அதைக் கொடுக்கமுடியும். ஒரே விலை வைத்தால் வாடிக்கையாளர் சிறிய முற்பணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மேலதிகமாக வாங்குவார். அப்படி அவர் செய்வதில் பிழையும் இல்லை. 20 வீதம் கூட என்பது தாங்கக்கூடிய வித்தியாசம். அதற்கு மேல் போனால் அவசர வேலையைக்கூடச் சொல்லாமல் மறைத்து வைப்பார்கள்.

மாத முதலாம் திகதி 90,000 வந்துவிட்டது. அன்றே வருமானமாகப் பதியலாமா?

திரட்டு அடிப்படையில், அதாவது காசு வந்த நாளை வைத்தல்ல, வேலை செய்த காலத்தை வைத்துக் கணக்கு வைப்பவர்கள் பதியக் கூடாது. வந்த அன்று அது முற்பெற்ற வருமானம், அதாவது பொறுப்பு. மணித்தியாலம் செலவாகும்போது வருமானமாகும்.

ஜூன் முடிவில் 13 மணித்தியாலத்துக்கு 58,500 ரூபாய் வருமானம். காலாவதியான 2க்கு 9,000. இனி அதற்கு வேலை செய்யவேண்டிய கடமை இல்லை என்பதால் அதுவும் வருமானம். மீதி 5 மணித்தியாலத்தின் 22,500 பொறுப்பாகவே ஜூலைக்குப் போகும். மூன்றும் சேர்ந்து 90,000. Months தாளின் H நிரலை 4,500ஆல் பெருக்கினால் எந்த மாத முடிவிலும் அந்தப் பொறுப்பின் தொகை கிடைத்துவிடும், கணக்காளருக்கு வேறொன்றும் கொடுக்கத் தேவையில்லை. நிதி ஆண்டு மார்ச் 31இல் முடிபவர்களுக்கு அந்த ஒரு நாளின் தொகை முக்கியம்.

மேலதிகம் சேர்ந்த மாதத்தில் வங்கிக்கு வந்த காசு பட்டியலைவிடக் குறைவாக இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் நிறுத்திவைத்தல் வரி. ஊழியர் அல்லாத தனிநபர் சேவை வழங்குநருக்கு ஒரு மாதம் கொடுக்கும் கட்டணம் 100,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 5 வீதத்தைப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு 2023 ஜனவரி முதல் இருக்கிறது. வெறும் 90,000 வந்த மாதங்களில் இது எட்டிப்பார்க்காது. செப்டெம்பர் முற்பணத்தோடு ஓகஸ்ட் மேலதிகமும் ஒரே பட்டியலில் போனால் 114,300. 5 வீதம் 5,715. கையில் வருவது 108,585.

மணித்தியாலக் கணக்கில் இதற்காக ஒன்றையும் மாற்றக் கூடாது. "5,715 குறைவாக வந்தது, ஒரு மணித்தியாலத்தைக் குறைப்போம்" என்று யாராவது செய்தால், கட்டிய வரிக்கு வாடிக்கையாளர் இரண்டாம் தடவை தண்டம் கட்டுகிறார். பட்டியலில் முழுத் தொகை, வரி, நிகரத் தொகை மூன்றையும் காட்டுங்கள். வரி பிடித்ததற்கான சான்றிதழை வாங்கி வைத்தால் ஆண்டு வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

முற்பணம் 12ஆம் திகதிதான் வந்தது. முதலாம் திகதியிலிருந்து செய்த வேலை எதில் சேரும்?

அந்த மாதத்து 20இல்தான். மாதத்தை 12இலிருந்து தொடங்கி நகர்த்தாதீர்கள். அடுத்த தாமதத்தில் அது 19 ஆகும், பிறகு எந்த மிச்சம் எந்த மாதத்தது என்றே தெரியாமல் போகும். முதலாம் திகதியிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் காசு வராவிட்டால் அவசரம் தவிர்ந்த வேலை நிற்கும் என்பது போதுமான விதி. நின்ற நாட்களுக்காகக் காலாவதி நீடிக்கப்படாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் டொரொன்டோவில். மாத முடிவு யாருடைய நேரத்தில்?

ஏதாவது ஒன்றில், எழுத்தில். யாழ்ப்பாணத்தில் செப்டெம்பர் 1 காலை 6 மணி என்றால் டொரொன்டோவில் கோடைகால நேரப்படி ஓகஸ்ட் 31 இரவு 8:30. அப்போது செய்த 2 மணித்தியாலம் மேலதிகமா, புதிய மாதத்தின் முதல் இரண்டா என்பது 10,800 ரூபாய்க் கேள்வி. பதிவு வைத்திருப்பவரின் நேரத்தை எடுப்பதே இலகு, ஏனென்றால் எக்செல் தாளின் திகதி அதுதான். நள்ளிரவைத் தாண்டுகிற கடைசி நாள் வேலையை இரண்டு வரியாகப் பிரித்து எழுதவேண்டும்.

மாத நடுவில் ஒப்பந்தம் முறிந்தால் மிச்சத்துக்குக் காசு திரும்புமா?

இந்த மாதத்தில் பயன்படுத்தாத மணித்தியாலத்தை 4,500 வீதம் திருப்பிக் கொடுக்கலாம், கொண்டுவந்த மிச்சத்துக்குக் காசு இல்லை என்பதே எங்கள் நிலைப்பாடு. கொண்டுவந்தது ஒரு சலுகை; அதை அறிவித்தல் காலத்துக்குள் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். விலகுவது ஆலோசகர் என்றால் அதற்கும் காசு கொடுப்பதுதான் மரியாதை.

ஓகஸ்டில் மேலதிகம் வந்துவிட்டது. இனி மாதம் 25 ஆக்கிவிடலாமா?

ஒரு மாதத்தைப் பார்த்து மாற்றாதீர்கள். நமது விடுதியின் மூன்று மாதச் சராசரி 19.8. அளவு சரி, பரவல்தான் சரியில்லை. 25 ஆக்கினால் ஜூன் போன்ற மாதங்களில் 12 மிஞ்சும், அதில் ஏறக்குறையப் பாதி காலாவதியாகும், வாடிக்கையாளர் ஒரு வருடத்துக்குள் விலகுவார்.

பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிற தொழிலுக்கு மாதக் கணக்கைவிடக் காலாண்டுக் கணக்குப் பொருந்தும்: ஜூன் முதல் ஓகஸ்ட் வரை 60 மணித்தியாலம், காசு வழக்கம்போல மாதம் 90,000, காலாவதி ஓகஸ்ட் 31இல் மட்டும். அதே 59.5க்கு மேலதிகமே வராது. ஆனால் ஓர் எல்லையை வையுங்கள்: எந்த ஒரு மாதத்திலும் 30க்கு மேல் கேட்க முடியாது. இல்லாவிட்டால் ஓகஸ்டில் 45 கேட்டு வருவார்கள், அந்த மாதம் ஆலோசகருக்கு வேறு விடுதிகளும் இருக்கும். இன்னொன்று: காலாண்டின் முதல் மாதத்திலேயே 30 மணித்தியாலம் எடுத்துவிட்டு வாடிக்கையாளர் விலகினால், கட்டிய காசு 20க்கு மட்டும்தான். மீதி 10 மணித்தியாலத்துக்கு இறுதிப் பட்டியல் போகும், மேலதிக விலையில் அல்ல, 4,500 வீதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.